வேற்றுமை அட்டவணை: ‘மரமை’ முதல் ‘அதற்க்கு’ வரை

வேற்றுமை உருபுகளை அட்டவணையாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் ‘இராமன்’ அல்லது ‘கண்ணன்’ என்ற பெயரைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இராமனை, இராமனால், இராமனுக்கு, இராமனின் என்று எட்டு வரியும் சிக்கலில்லாமல் நிரம்பிவிடும். முதல் தவறு அங்கேதான். இப்படி ‘அன்’ என்று முடியும் பெயர்கள் உருபு ஏற்கும்போது கொஞ்சமும் மாறாதவை. இவற்றை மட்டும் பார்த்துப் பழகியவர், பெயரை எழுதி அதன் பின்னால் உருபை ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். தமிழைப் புதிதாகக் கற்கிறவர் ‘மரமை வெட்டினான்’, ‘வீடில் இருக்கிறேன்’ என்று எழுதுவது இதனால்தான். தமிழ் பேசி வளர்ந்தவர்கள் இந்தப் பிழைகளைச் செய்வதில்லை. அவர்கள் சறுக்குவது வேறு இடத்தில்.

உருபு நேராக எழுவாயில் ஒட்டுவதில்லை. எழுவாய் முதலில் வேறொரு வடிவத்துக்கு மாறுகிறது; அந்த வடிவத்தில்தான் உருபு ஒட்டுகிறது. அதை இங்கே ‘அடி’ என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அட்டவணையில் விடுபட்டுப்போகும் வரி அதுதான். மாறுகிற பெயர்களாகப் பார்த்து எடுத்து, அந்த வரியையும் சேர்த்தால் அட்டவணை இப்படி வரும்:

| வேற்றுமை | உருபு | மரம் | ஆறு (நதி) | கல் | பசு | தம்பி |
|---|---|---|---|---|---|---|
| முதல் | – | மரம் | ஆறு | கல் | பசு | தம்பி |
| அடி | – | மரத்து | ஆற்று | கல்ல் | பசுவ் | தம்பிய் |
| இரண்டு | ஐ | மரத்தை | ஆற்றை | கல்லை | பசுவை | தம்பியை |
| மூன்று | ஆல் | மரத்தால் | ஆற்றால் | கல்லால் | பசுவால் | தம்பியால் |
| மூன்று | ஓடு | மரத்தோடு | ஆற்றோடு | கல்லோடு | பசுவோடு | தம்பியோடு |
| நான்கு | கு | மரத்துக்கு, மரத்திற்கு | ஆற்றுக்கு, ஆற்றிற்கு | கல்லுக்கு, கல்லிற்கு | பசுவுக்கு, பசுவிற்கு | தம்பிக்கு |
| ஐந்து | இலிருந்து, இடமிருந்து | மரத்திலிருந்து | ஆற்றிலிருந்து | கல்லிலிருந்து | பசுவிடமிருந்து | தம்பியிடமிருந்து |
| ஆறு | இன் | மரத்தின் | ஆற்றின் | கல்லின் | பசுவின் | தம்பியின் |
| ஏழு | இல், இடம் | மரத்தில் | ஆற்றில் | கல்லில் | பசுவிடம் | தம்பியிடம் |
| எட்டு | விளி | மரமே | ஆறே | கல்லே | பசுவே | தம்பீ |

பழைய இலக்கணத்தின் உருபுப் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டால் இன்றைய தமிழ் கிடைக்காது. நன்னூல் ‘ஐ ஆல் கு இன் அது கண்’ என்று வரிசைப்படுத்துகிறது. தொல்காப்பியத்தில் மூன்றாமிடத்தில் ‘ஆல்’ இல்லை, ‘ஒடு’ நிற்கிறது. ‘மரத்தின்கண்’ என்று இன்று யாரும் பேசுவதில்லை. ‘மரத்தின் விழுந்தான்’ என்று சொன்னால், மரத்திலிருந்து விழுந்தான் என்ற பொருள் நம் காதில் ஏறாது. அதனால் மேலே உள்ள அட்டவணையில் வழக்கில் இருப்பதையே போட்டிருக்கிறேன். ஆளையோ பசு போன்ற உயிரையோ குறிக்கும் பெயருக்கு ‘இல்’ வராமல் ‘இடம்’ வருவதையும் தனியாகக் காட்டியாக வேண்டும். ‘தம்பியில் பணம் இருக்கிறது’ என்று எழுதும் மாணவரின் அட்டவணையில் அந்தப் பிரிவு இருந்திருக்காது.

அடியை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழ் பேசுகிறவருக்கு எளிய வழி, அந்தப் பெயரோடு ‘ஐ’ சேர்த்துச் சொல்லிப் பார்ப்பது. வாய் தானாகச் சரியான வடிவத்தைச் சொல்லிவிடும். கற்கிறவருக்கு விதி வேண்டும். ‘அம்’ என்று முடியும் பெயர்களில் ‘ம்’ விழுந்துவிட்டு ‘அத்து’ என்ற சாரியை வருகிறது. மர + அத்து என்று நிற்கும்போது இரண்டு அகரங்களில் ஒன்று கெட்டு ‘மரத்து’ ஆகிறது. அதன் பின் ‘ஐ’ வந்தால் கடைசி உகரம் தன் மெய்யை விட்டு நீங்குகிறது. மரத்த் + ஐ சேர்ந்து மரத்தை.

இங்கே செய்யும் தவறு, மகர ஒற்றில் முடியும் எல்லாச் சொல்லுக்கும் ‘அத்து’ போட்டுவிடுவது. ‘ம்’ மட்டும் இருந்தால் போதாது, அதற்கு முன் அகர ஓசை வேண்டும். இந்த விதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை இரவல் சொற்களில் பார்க்கலாம். ஸ்டேடியத்தில் கூட்டம் என்கிறோம், சிஸ்டத்தில் ஏற்று என்கிறோம். ஆனால் ரூமில், டீமில் என்றுதான் சொல்கிறோம். ரூத்தில் என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்வதில்லை. ஆள் பெயர்களில் மட்டும் கொஞ்சம் முரண்டு உண்டு. சுந்தரம் என்பவருக்குக் கொடுத்தால் ‘சுந்தரத்துக்கு’. விக்ரம் என்பவருக்குக் கொடுத்தால் ‘விக்ரமுக்கு’. இரண்டும் ‘அம்’ என்று முடிந்தாலும் பின்னது மரத்தின் வழியில் போவதில்லை.

அடுத்து ஆறு. இதை அட்டவணையில் போடும்போது அடைப்புக்குள் ‘நதி’ என்று குறித்ததற்குக் காரணம் இருக்கிறது. நெடிலை அடுத்தோ, பல எழுத்துச் சொல்லில் உயிரோசையை அடுத்தோ டு, று வந்து முடிந்தால் அந்த ட், ற் இரட்டிக்கும். வீடு வீட்டை ஆகிறது, சோறு சோற்றை, கிணறு கிணற்றை, தகடு தகட்டை. காது, காசு போன்றவற்றுக்கு இது கிடையாது. காதை, காசை என்றே நிற்கும். நண்டு, வண்டு போல நடுவில் மெல்லின ஒற்று இருந்தாலும் இரட்டிக்காது. விதிப்படி பார்த்தால் எண்ணைக் குறிக்கும் ஆறும் ‘ஆற்றை’ என்று ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பத்திலிருந்து ஆறைக் கழித்தால் நான்கு. இரண்டு பழமொழிகளை அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்: ‘ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்’ என்பதில் நதி, ‘ஆறிலும் சாவு, நூறிலும் சாவு’ என்பதில் எண். அதே நூறு இன்னோரிடத்தில் ‘நூற்றுக்கு ஐம்பது’ என்று இரட்டிக்கிறது. நன்னூல் சூத்திரமே ‘இரட்டும் வேற்றுமை மிகவே’ என்று முடிகிறது. அதாவது பெரும்பாலும் இரட்டும் என்கிறதே தவிர, எப்போதும் இரட்டும் என்று அடித்துச் சொல்லவில்லை. அட்டவணை போடுகிறவர் டு, று என்று கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிக்கக் கூடாது.

‘தவறு’ என்ற சொல்லிலும் இந்த இழுபறி உண்டு. ‘தவற்றை’ என்பது விதிப்படியான வடிவம். ‘தவறை’ என்பது பலர் எழுதும் வடிவம். இரண்டில் எதை எழுதினாலும் புரியும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதினால்தான் கண்ணை உறுத்தும். நான் ‘தவற்றை’ என்று எழுதுகிற கட்சி.

கல், பசு, தம்பி மூன்றிலும் நடப்பது சின்ன மாற்றம். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும்; கல்லை, மண்ணை, நெய்யை. நெடிலுக்குப் பின்னோ ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளுக்குப் பின்னோ வரும் ஒற்று இரட்டாது; பாலை, கடலை. உயிரில் முடியும் சொற்களில் இ, ஈ, ஐ என்பவற்றுக்குப் பின் ‘ய்’ வரும், மற்றவற்றுக்குப் பின் ‘வ்’ வரும். இதில் ஏமாற்றுவது உகரம் மட்டும்தான். பசு, தெரு, மனு என்பவை உகரத்தை விடாமல் பசுவை, தெருவை, மனுவை ஆகின்றன. கதவு, செலவு என்பவை உகரத்தை விட்டுவிட்டுக் கதவை, செலவை ஆகின்றன. ‘செலவுவை’ என்று எழுதுகிறவர் பசுவை மட்டும் பார்த்துப் பழகியவர்.

தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அதிகம் தடுமாறுவது நான்காம் வேற்றுமையில்தான். அதற்க்கு, இதற்க்காக, வீட்டிற்க்கு என்று பேனர்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் தினமும் பார்க்கலாம். ‘கு’ ஒட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘கு’ நேராக வந்து, க் இரட்டுவது: மரத்து + கு = மரத்துக்கு. இன்னொன்று, நடுவில் ‘இன்’ அல்லது ‘அன்’ சாரியை வருவது. மரத்தின் + கு என்று நிற்கும்போது ‘ன்’ ‘ற்’ ஆகி மரத்திற்கு. அதன் + கு = அதற்கு. இரண்டாம் வழியில் வல்லின ஒற்றின் வேலையை ‘ற்’ முடித்துவிட்டது. அதற்குப் பின் ‘க்’ வர இடமே இல்லை. ‘அதுக்கு’ என்று பேசுகிறோம், ‘அதற்கு’ என்று எழுதக் கற்றிருக்கிறோம். இரண்டும் கையில் கலந்துவிடுவதால்தான் ‘அதற்க்கு’ பிறக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி: தமிழ்ச் சொல்லின் நடுவில் புள்ளி வைத்த இரண்டு மெய்கள் ஒட்டி வந்தால், அவற்றில் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வாய்க்கால், பார்க்க, வாழ்க்கை. ஆகவே நாய்க்கு, அவர்க்கு என்பவை சரி. ‘ற்க்’, ‘ட்க்’ என்று எங்கே கண்டாலும் பிழை. இதைக் கேட்டுவிட்டு ‘நாய்கு’ என்று திருத்திவிடவும் கூடாது. இ, ஐ, ய் என்று முடியும் பெயர்களுக்கு ‘க்கு’ நேராகவே வரும்: தம்பிக்கு, மலைக்கு, தாய்க்கு.

அட்டவணைக்கு வெளியே இன்னொரு இணைப்பும் இருக்கிறது. உருபு ஏற்ற சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் வல்லினம் மிகுமா என்பது. ஐ, கு இரண்டும் வெளிப்படையாக இருந்தால் மிகும்: ஆற்றைக் கடந்தான், ஆற்றுக்குப் போனான். மற்ற உருபுகளுக்குப் பின் மிகாது: ஆற்றில் குளித்தான், ஆற்றோடு போனது, ஆற்றிலிருந்து கொண்டுவந்தான், ஆற்றின் கரை. ‘ஆற்றிலிருந்துக் கொண்டுவந்தான்’ என்று எழுதுகிறவர்கள், கடைசி உகரத்தைப் பார்த்து ‘ஆற்றுக்கு’ போல என்று நினைத்துவிடுகிறார்கள். அடி மட்டும் தனியாக நின்றாலும் மிகும்: ஆற்றுக் கரை, வீட்டுப் பாடம்.

விளி வரியில் ‘மரத்தே’ என்று இல்லாமல் ‘மரமே’ என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விளியும், உம், ஏ, ஓ போன்ற இடைச்சொற்களும் அடியைத் தேடுவதில்லை, எழுவாயிலேயே ஒட்டுகின்றன. மரமும், ஆறும் என்கிறோம். ‘கள்’ விகுதியும் அப்படித்தான். ஆறுகள், வீடுகள் என்று முதலில் பன்மை ஆகிவிட்டால் அதன் பின் வரும் உருபுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை. ஆறுகளை, வீடுகளில். ‘மரங்கள்’ என்பதில் ம் ங் ஆவதோடு சரி, மரங்களை.

அவை, பல, சில, எல்லாம் என்ற நான்குக்கும் ‘அற்று’ என்ற தனிச் சாரியை உண்டு: அவற்றை, பலவற்றில், சிலவற்றுக்கு, எல்லாவற்றையும். ‘அவை’ தானே பன்மையாக இருப்பதால் ‘அவைகளை’ என்று மறுபடி பன்மையாக்க வேண்டியதில்லை. பேச்சில் ‘எல்லாத்தையும்’ என்கிறோமே, அங்கே ‘எல்லாம்’ மரத்தின் பக்கம் சாய்ந்து ‘அத்து’ வாங்கிக்கொண்டது போலத்தான் ஒலிக்கிறது. எழுதும்போது ‘எல்லாவற்றையும்’ என்று போடுங்கள். கதையில் ஒரு பாத்திரம் பேசுவதானால் ‘எல்லாத்தையும்’ தாராளமாக இருக்கட்டும்.