பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்தை மதிப்பிட்டு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்களைப் பற்றி எழுதப்படும் கருத்துகளில் பெரும்பாலானவை, சாமான்கள் இறங்கிய அன்றே எழுதப்பட்டவை. கடைசிப் பெட்டி உள்ளே வந்ததும் சூப்பர்வைசர் பணிவாக ஐந்து நட்சத்திரம் கேட்பார். ஆட்கள் வியர்வையோடு நிற்பதைப் பார்த்து, வீட்டுக்காரரும் மனமிரங்கிக் கொடுத்துவிடுவார். அந்த நேரத்தில் ஒரு பெட்டிகூடப் பிரிக்கப்பட்டிருக்காது. தொலைக்காட்சி ஓடுகிறதா, கட்டிலின் போல்ட்டுகள் எல்லாம் வந்தனவா என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ஆட்கள் பணிவாக நடந்துகொண்டார்கள் என்பதை மட்டுமே அன்று எழுத முடியும். ஆகவே எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, மின்சாதனங்களை ஓட்டிப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

சேதத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் "பாதிப் பொருள் உடைந்துவிட்டது" என்று முடித்துக்கொள்கிறார்கள். எது, எப்படி, யார் கட்டியதில் உடைந்தது என்று தெரிந்தால்தான் அடுத்தவருக்குப் பயன். இதைக் கண்டறிய எளிய வழி, பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அதன் வெளிப்புறத்தைப் பார்ப்பதுதான். அட்டைப்பெட்டி நசுங்காமல் மூலைகள் கூர்மையாக இருந்து, உள்ளே பீங்கான் தட்டுகள் விரிசல் விட்டிருந்தால், குறை பெரும்பாலும் கட்டிய விதத்தில் இருக்கும். தட்டுகளைத் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, செங்குத்தாக நிறுத்தி, அடியிலும் இடுக்குகளிலும் கசக்கிய காகிதம் அடைத்திருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால், வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் மேல் தட்டுகளின் எடை கீழ்த் தட்டின்மேல் விழும். மாறாக, பெட்டியின் ஒரு மூலை அமுங்கியோ அடிப்பாகம் நனைந்தோ இருந்தால், ஏற்றி இறக்கியதிலோ அடுக்கியதிலோ குறை இருக்கிறது. பிரிக்கும் முன் ஒரு படமும் பிரித்த பின் ஒரு படமும் எடுத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால், படிப்பவருக்கு விளக்கமே தேவைப்படாது. நீங்களே கட்டிய பெட்டியில் உடைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மின்சாதனங்களில் இன்னும் கவனம் தேவை. தொலைக்காட்சியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால், வெளியே கீறல்கூட இல்லாமல் திரையில் கோடுகள் வரக்கூடும். ஆனால் கட்டுவதற்கு முன் அது சரியாக ஓடியது என்பதற்குச் சான்று இல்லையென்றால், "முன்பே இப்படித்தான் இருந்தது" என்று நிறுவனம் சொல்லும். உங்கள் கருத்தைப் படிப்பவருக்கும் எது உண்மை என்று தெரியாது. கட்டுவதற்கு முன் ஓடவிட்டு எடுத்த சிறு காணொளி இந்தச் சண்டையைத் தீர்த்துவிடும். குளிர்சாதனப் பெட்டியைச் சாய்த்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடக்கூடும். அதனால் நிமிர்த்தி வைத்து, பல மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுக்க வேண்டும். இறக்கியவுடன் நீங்களே ஓடவிட்டுப் பழுதாகியிருந்தால், அந்தப் பழியை நிறுவனத்தின்மீது போடுவது நியாயமாகாது.

கூடுதல் கட்டணத்தைப் பற்றி எழுதும்போதுதான் கோபம் கணக்கை மறைத்துவிடுகிறது. உதாரணத்துக்கு, ஒரு குடும்பம் சென்னை வேளச்சேரியிலிருந்து கோவைக்கு இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான்களை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷனில் 24,000 ரூபாய். இறுதி பில் 31,500 ரூபாய். "7,500 ரூபாய் கொள்ளை" என்றுதான் முதலில் எழுதத் தோன்றும். பில்லைப் பிரித்துப் பார்த்தால், அதில் 4,320 ரூபாய், கொட்டேஷன் தொகைக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.; கொட்டேஷனின் அடியில் "வரி தனி" என்று அச்சிட்டிருக்கிறது. அடுத்த 1,680 ரூபாய், நேரில் வந்து கணக்கெடுத்தபோது காட்டாமல் பரணில் இருந்து பிறகு இறக்கிய ஆறு பெட்டிகளுக்கு. மீதமுள்ள 1,500 ரூபாய், கோவை வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்பதற்கு. ஆனால் அந்த மாடி விவரம் கொட்டேஷனிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது தெரிந்துதான் விலை சொன்னார்கள். நியாயமான குற்றச்சாட்டு இந்த 1,500 ரூபாய்தான். அதை மட்டும் எடுத்து, கொட்டேஷனின் அந்த வரியோடு எழுதினால், நிறுவனம் மறுக்க வழியில்லை. வரி தனி என்பதை வாயால் சொல்லாமல் விட்டார்கள் என்பதையும் தனியாகக் குறிப்பிடலாம். அடுத்தவர் "வரியோடு மொத்தம் எவ்வளவு" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார். கூடுதல் பணத்தைக் கொடுத்தால்தான் இறக்குவோம் என்று லாரியை வாசலில் நிறுத்தி வைத்திருந்தால், அதைத் தொகையைவிட முதலாவதாகச் சொல்ல வேண்டும். அது விலைத் தகராறு அல்ல, மிரட்டல்.

'இன்சூரன்ஸ்' என்று பில்லில் ஒரு தொகை இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் தரப்பட்டனவா என்பதையும் எழுதுங்கள். அவை இல்லாமல் தொகை வாங்கியிருந்தால், அது வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனத்தின் வாய்மொழி உறுதியாக மட்டுமே இருக்கக்கூடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, தனி லாரியா அல்லது பலருடைய சாமான்களோடு சேர்த்து ஏற்றும் பார்ட் லோடா என்று சொல்லாமல் தாமதத்தைக் குறை கூறுவது பெரிய தவறு. பார்ட் லோடில் சாமான்கள் கிடங்கில் இறங்கி வேறு லாரியில் ஏறக்கூடும். தாமதத்துக்கும் சேதத்துக்கும் அங்கேதான் வாய்ப்பு அதிகம். மலிவான விலைக்குக் காரணமும் அதுவே. எழுத்தில் எந்த நாளைக் கொடுத்தார்கள், எந்த நாளில் வந்தது, இடையில் தொலைபேசியை எடுத்துப் பதில் சொன்னார்களா என்ற மூன்றும் போதும். தனி லாரி என்று பணம் வாங்கிக்கொண்டு பார்ட் லோடில் அனுப்பியிருந்தால், லாரி ரசீதில் உள்ள வண்டி எண்ணும் இறக்க வந்த வண்டியின் எண்ணும் வேறுபடக்கூடும். இரண்டையும் ஒப்பிட்டு, வேறாக இருந்தால் எழுதுங்கள்.

ஒரே போன்ற பெயரில் பல நிறுவனங்கள் இயங்குவதும், இணையத்தில் பதிவை எடுத்தவர் ஒருவர், லாரியோடு வந்தவர் வேறொருவர் என்பதும் இந்தத் தொழிலில் சாதாரணம். பில்லில் உள்ள பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் சரிபார்க்காமல் எழுதினால், சம்பந்தமே இல்லாத ஒரு நிறுவனத்தின்மீது உங்கள் கோபம் விழும். அதேபோல ஓட்டுநரின் தொலைபேசி எண்ணையோ கூலியாட்களின் படங்களையோ போடாதீர்கள். கூலிக்கு வந்த ஆட்கள் நிறுவனத்தின் விலைக் கொள்கைக்குப் பொறுப்பல்ல.

கருத்து எழுதிவிட்டால் புகார் கொடுத்ததாகிவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இதனால்தான் உரிய இழப்பீடு பலருக்குக் கைநழுவுகிறது. இறக்கியதும் நீட்டப்படும் தாளில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால், கையெழுத்துக்கு முன் கண்ணில் பட்ட சேதத்தையும், பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர, முன்பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். எனவே சேதப் பட்டியலோடும் படங்களோடும் நிறுவனத்துக்கு முதலில் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். பிறகு எழுதும் கருத்தில், எந்தத் தேதியில் புகார் அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் சேருங்கள். பின்னால் இழப்பீடு கிடைத்தால் பழைய கருத்தை நீக்கிவிடாமல், கிடைத்த தொகையையும் அதற்கு எத்தனை நாள் ஆனது என்பதையும் அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள்.