நீல டிக் விழுந்தும் பதில் வராதபோது

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தால், நண்பர் அந்த உரையாடலைத் திறந்தார் என்பது மட்டுமே உறுதி. பதில் சொல்ல மறுக்கிறார் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. திறந்த அந்த நொடியே படிக்காத செய்தி என்ற அடையாளம் மறைந்துவிடுவதால், பிறகு எழுதலாம் என்று அவர் விட்டுவைத்த செய்தி, புதிய செய்திகள் வர வர, பட்டியலில் கீழே இறங்கி அவர் பார்வையிலிருந்தே போய்விடுகிறது.

ஆகவே மூன்று நான்கு நாள் கழித்து ஒரே ஒரு முறை மீண்டும் எழுதுங்கள். வெறும் கேள்விக்குறியையோ "பார்த்தும் பதில் இல்லையே" என்பதையோ அனுப்பினால், முதலில் விளக்கம் சொல்ல வேண்டுமே என்ற தயக்கத்தில் அவர் இன்னும் தள்ளிப்போடுவார். "எப்படி இருக்கிறாய், நிறையப் பேச வேண்டும்" என்பதற்கு நீண்ட பதில் தேவைப்படும், "ஞாயிறு மாலை பத்து நிமிடம் பேசலாமா, அல்லது அடுத்த வாரமா?" என்பதற்கு ஒரு சொல் போதும். அனுப்பிய பிறகு, அவர் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று பார்க்காதீர்கள். மனத்தாங்கலை வளர்ப்பது பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான். அதற்கும் பதில் வராவிட்டால் அழைத்துப் பேசுங்கள். எழுதத் தயங்கும் பலர் குரலில் இயல்பாகப் பேசுவார்கள். பயணம், பணம் போன்ற நாள் குறித்த விஷயமென்றால், காத்திராமல் முதல் நாளே அழைத்துவிடுவது நல்லது.