ப்ளூ டிக் போகாமல் வாட்ஸ்அப் செய்தியைப் படிப்பது எப்படி? ஃபிளைட் மோடை ஏன் நம்பக் கூடாது?

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரைக்குச் சித்தியிடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. அவசரமாகப் பணம் புரட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். வீட்டில் பேசாமல் பதில் சொல்ல முடியாது, என்ன கேட்கிறார் என்று தெரியாமலும் தூங்க முடியாது. எங்கோ படித்த யோசனைப்படி ஃபிளைட் மோடைப் போட்டு, செய்தியைப் படித்துவிட்டு, ஆப்பை மூடிப் படுத்துவிட்டேன். காலை ஆறரைக்கு ஃபிளைட் மோடை எடுத்தேன். ஏழு மணிக்குச் சித்தி போன் செய்தார். "பார்த்துட்டியே கண்ணு, ஒரு வார்த்தை சொல்லலையே?" அந்தக் குரலில் இருந்த வருத்தம் எனக்குத் தாங்கவில்லை. அன்றே இரண்டு போன்களை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன்.

முதலில், ஃபிளைட் மோட் ஏன் காலை வாருகிறது என்று பார்ப்போம். நெட் இல்லாதபோது நீங்கள் ஒரு செய்தி அனுப்பினால் பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரம் தெரியும். நெட் வந்ததும் அது தானாகப் போய்விடும். "படித்துவிட்டார்" என்ற தகவலும் அப்படித்தான். நீங்கள் அரட்டையைத் திறந்த நொடியிலேயே அது தயாராகி, உங்கள் போனில் வரிசையில் காத்திருக்கும். ஆனால் அதற்குக் கடிகாரக் குறி எதுவும் கிடையாது. அதனால்தான் எதுவும் போகவில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஃபிளைட் மோட் டிக்கைத் தடுப்பதில்லை, தள்ளித்தான் போடுகிறது.

ஆப்பை முழுதாக மூடிவிட்டால் போகாது என்பார்கள். என் சோதனையில் ஒருமுறை நெட் வந்த உடனேயே நீலமானது. இன்னொருமுறை நான் ஆப்பைத் திறக்கும்வரை சாம்பல் நிறத்திலேயே இருந்தது, திறந்ததும் மாறிவிட்டது. இரண்டாவதை மட்டும் பார்த்தவர்கள்தான் "வேலை செய்கிறது" என்று எழுதுகிறார்கள் போல. போதாததற்கு, சில போன்களில் ஃபிளைட் மோடைப் போட்டாலும் வைஃபை அணைவதில்லை. அதைக் கவனிக்காமல் திறந்தால் அந்த நொடியே நீலம்தான்.

சரி, எது வேலை செய்கிறது? அரட்டையைத் திறக்காமலே படிப்பதுதான் வழி.

ஆண்ட்ராய்டில் எனக்குப் பிடித்தது விட்ஜெட். முகப்புத் திரையில் காலியான இடத்தை அழுத்திப் பிடித்து, Widgets போய், வாட்ஸ்அப்பின் பெரிய விட்ஜெட்டை இழுத்துப் போடுங்கள். ஓரத்தைப் பிடித்துத் திரை முழுக்க நீட்டிவிடுங்கள். படிக்காத செய்திகள் அதில் வரிசையாக வரும். விரலால் மேலே கீழே தள்ளிப் படிக்கலாம், தட்டிவிடாதீர்கள். தட்டினால் அரட்டை திறந்துவிடும். படங்கள் இதில் தெரியாது.

ஐபோனில் அரட்டைப் பட்டியலில் அந்தப் பெயரை அழுத்திப் பிடித்தால் சின்ன முன்னோட்டம் வரும். அதில் படித்துவிட்டு வெளியே தட்டி மூடிவிடலாம்.

நோட்டிஃபிகேஷனை கீழே இழுத்து விரித்துப் படிப்பதும் பாதுகாப்பானதுதான். அங்கே இருக்கும் Mark as read பக்கம் மட்டும் விரல் போகக் கூடாது.

எப்போதுமே டிக் போக வேண்டாம் என்றால் Settings, Privacy, அதில் Read receipts. அணைத்தால் மற்றவர்கள் படித்தார்களா என்று உங்களுக்கும் தெரியாது. இதை அணைத்தாலும் குழுக்களில் நீங்கள் படித்தது தெரியும், குரல் செய்தியைக் கேட்டதும் தெரியும். நான் இதை அணைப்பதில்லை. அம்மா என் செய்தியைப் பார்த்துவிட்டார் என்று தெரிவது எனக்கு வேண்டும்.

டிக்கை மறைக்கிறோம் என்று சொல்லும் வெளி ஆப்கள் வேண்டவே வேண்டாம். அவை உங்கள் நோட்டிஃபிகேஷன்களைப் படிக்க அனுமதி கேட்கும். வங்கியிலிருந்து வரும் ஓடிபியும் அதே வழியாகத்தான் வருகிறது.

பின்சேர்க்கை: விட்ஜெட்டில் படித்த பிறகும் டிக் நீலமானதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். விசாரித்ததில், கடைசியாக அந்த நபரின் அரட்டையைத் திறந்தபடியே ஆப்பை விட்டு வெளியே வந்திருக்கிறார். பிறகு வேறு ஒருவருக்கு அனுப்ப ஆப்பைத் திறந்ததும் நேராக அதே அரட்டை வந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அரட்டைப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டு வெளியே வாருங்கள். லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் வைத்திருந்தால் அங்கேயும் இதே கவனம் வேண்டும்.

இன்னொருவருக்கு நோட்டிஃபிகேஷனில் செய்தியே தெரியவில்லை, வந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. அவர் ஆப்புக்குக் கைரேகைப் பூட்டு போட்டிருந்தார். அந்தப் பூட்டின் பக்கத்திலேயே Show content in notifications என்று இருக்கும். அதை ஆன் செய்ததும் சரியாகிவிட்டது.