அதே தரவில் தேடி, அதே தரவில் அளந்தால்

மூளைப் படப்பிடிப்புக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு படம் உண்டு. கிடையச்சில் ஒவ்வொருவரும் ஒரு வினாத்தாளில் எடுத்த கவலை மதிப்பெண். நெட்டச்சில், மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அவர்களுடைய மூளையின் ஒரு பகுதியில் தெரிந்த சிக்னல். பதினாறு புள்ளிகள், நடுவே ஒரு கோடு, மூலையில் இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு, 0.8. படிக்கத் தொடங்கிய காலத்தில் இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, மனித மனத்தை இவ்வளவு துல்லியமாக அளக்க முடிகிறதே என்று வியந்து போனேன். அந்த 0.8 எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பது புரியப் பல மாதங்கள் ஆயின. நீங்கள் அதை இன்றே உங்கள் கணினியில் செய்து பார்த்துவிடலாம். பைத்தானும் நம்பையும் இருந்தால் போதும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு அளவுகளுக்கு இடையே தெரியக்கூடிய ஒட்டுறவுக்கு ஓர் உச்சம் உண்டு. மறுபடி அளந்தால் அதே எண் எவ்வளவு தூரம் வரும் என்பதுதான் ஓர் அளவின் நம்பகத்தன்மை. இரண்டின் நம்பகத்தன்மையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த உச்சம் கிடைக்கும். நல்ல ஆளுமை வினாத்தாளுக்கு நம்பகத்தன்மை 0.8, எஃப்.எம்.ஆர்.ஐ. அளவுக்கு 0.7 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 0.56-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.75. மூளையும் குணமும் நூற்றுக்கு நூறு ஒன்றோடொன்று பிணைந்திருந்தாலும், சராசரியாக இதற்கு மேல் தெரிய வழியில்லை. அப்படியிருக்க 0.8-ம் அதற்கு மேலும் கட்டுரைகளில் எப்படி வரிசையாக வருகின்றன?

2009-இல் எட்வர்ட் வுல், ஹரோல்ட் பாஷ்லர் முதலான உளவியல் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார்கள். சமூக நரம்பியல் கட்டுரைகளை எழுதியவர்களுக்கே கேள்விகள் அனுப்பி, அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன வழிமுறை ஒன்றுதான். மூளை முழுவதும் தேடி, மதிப்பெண்ணோடு வலுவாக ஒட்டிய வாக்சல்களை மட்டும் பொறுக்கியிருந்தார்கள். பிறகு, பொறுக்கிய அதே வாக்சல்களின் ஒட்டுறவை அதே தரவில் அளந்து, அந்த எண்ணையே அறிக்கையில் கொடுத்திருந்தார்கள். (வாக்சல் என்பது மூளைப் படத்தின் மிகச் சிறிய கனசதுரம், பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்.) இதற்குத்தான் சுழல் பகுப்பாய்வு என்று பெயர், டபுள் டிப்பிங் என்றும் சொல்வார்கள். அதே ஆண்டில் நிகோலாஸ் கிரீகஸ்கோர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் முன்னணி இதழ்களில் வந்த 134 எஃப்.எம்.ஆர்.ஐ. கட்டுரைகளைச் சலித்துப் பார்த்தார்கள். அவற்றில் 57-இல் இதே வகைச் சிக்கல் குறைந்தது ஓரிடத்திலாவது இருந்தது.

படி 1: வெறும் இரைச்சலை உருவாக்குங்கள்

16 பேர், ஒவ்வொருவருக்கும் 50,000 வாக்சல்கள். மதிப்பெண்ணுக்கும் மூளைக்கும் துளியும் தொடர்பில்லை. அதனால்தான் `true_r` சுழி.

```python
import numpy as np
rng = np.random.default_rng()
n, v, true_r, cut = 16, 50000, 0.0, 0.742

y = rng.standard_normal(n)
y = (y - y.mean()) / y.std()

def scan():
    noise = rng.standard_normal((v, n))
    return true_r * y + np.sqrt(1 - true_r**2) * noise

def corr(x):
    x = x - x.mean(axis=1, keepdims=True)
    x = x / x.std(axis=1, keepdims=True)
    return x @ y / n
```

`y` என்பது கவலை மதிப்பெண். `scan()` ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்துக் கொடுக்கும். `cut` எனும் 0.742 நானாக வைத்த எண் இல்லை. 16 பேர் உள்ள ஆய்வில் பி மதிப்பு 0.001-க்குக் கீழே வர வேண்டுமானால் ஒட்டுறவு இவ்வளவாவது இருக்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த வாசலைத் தாண்டியவற்றை மட்டுமே அறிக்கையில் சொல்லப்போகிறோம் என்றால், நம்மால் சொல்லக்கூடிய மிகச் சிறிய எண்ணே 0.742-தான். மூளையில் என்ன நடந்திருந்தாலும் சரி, அதற்குக் கீழே ஓர் எண் நம் அறிக்கையில் வரவே வராது.

படி 2: பொறுக்கி, இரண்டு விதமாக அளங்கள்

```python
first, second = scan(), scan()
r1, r2 = corr(first), corr(second)
pick = r1 > cut
print(pick.sum(), r1[pick].mean(), r2[pick].mean())
```

மூன்று எண்கள் வரும். விதை எண் எதுவும் கொடுக்காததால் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். முதல் எண், வாசலைத் தாண்டிய வாக்சல்களின் எண்ணிக்கை, 25-ஐ ஒட்டி இருக்கும். இரண்டாவது, பொறுக்கிய தரவிலேயே அளந்த சராசரி ஒட்டுறவு, 0.78 அளவில் வரும். மூன்றாவது, அதே வாக்சல்களை இரண்டாவது ஸ்கேனில் அளந்தது. அது சுழியைச் சுற்றியே நிற்கும்.

எந்தத் தொடர்பும் இல்லாத தரவில் 0.78! ஒரு பள்ளியில் ஒரே ஒரு தேர்வை வைத்து முதல் இருபது பேரைப் பொறுக்கி, அதே தேர்வின் மதிப்பெண்ணையே அவர்களுடைய திறமையின் அளவாக எழுதுவதைப் போன்றது இது. அன்றைக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தவர்களும் அந்த இருபதுக்குள் இருப்பார்கள். அடுத்த தேர்வில் அந்த அதிர்ஷ்டம் கூடவே வராது.

இன்னும் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். நிஜக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வாக்சலின் ஒட்டுறவையும் தனித்தனியே சொல்வதில்லை. பொறுக்கியவற்றின் சிக்னலைச் சராசரியாக்கி, அதைத்தான் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள்.

```python
print(np.corrcoef(first[pick].mean(axis=0), y)[0, 1])
```

0.98 போல வரும். ஒவ்வொரு வாக்சலிலும் `y`-ஐப் போலத் தற்செயலாக அமைந்த பங்கு எல்லாவற்றுக்கும் பொது. மற்ற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. நிஜ மூளையில் பக்கத்துப் பக்கத்து வாக்சல்களின் இரைச்சலும் சேர்ந்தே ஆடுவதால் இந்த அளவுக்கு ஏறாது, ஆனால் ஏறும் திசை இதுதான்.

படி 3: உண்மையான, ஆனால் சிறிய விளைவு

எல்லாமே பொய் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வுல் குழுவின் கட்டுரை வந்தபோது எழுந்த முக்கியமான மறுப்பே இதுதான். மூளை முழுக்கத் தேடி, ஆயிரக்கணக்கில் சோதிப்பதால் தற்செயலாகத் தேறுபவற்றை வடிகட்டும் பலமுறைச் சோதனைத் திருத்தமும் செய்திருந்தால், "இங்கே ஏதோ தொடர்பு இருக்கிறது" என்று சொல்வது முறையான முடிவே. அதில் சுழல் இல்லை. சிக்கல் தொடங்குவது "எவ்வளவு தொடர்பு" என்று சொல்லும்போதுதான். அதைப் பார்க்க `true_r`-ஐ 0.3 ஆக்கி, படி 2-ஐ மறுபடி ஓட்டுங்கள்.

இப்போது ஒவ்வொரு வாக்சலிலும் 0.3 அளவுக்கு உண்மையான தொடர்பு இருக்கிறது. ஆனாலும் ஐம்பதாயிரத்தில் சில நூறு மட்டுமே வாசலைத் தாண்டும். முதல் ஸ்கேனில் அவற்றின் சராசரி பழையபடி 0.78 அளவிலேயே நிற்கும். இரண்டாவது ஸ்கேனில் 0.3-ஐ ஒட்டி வரும். தொடர்பே இல்லாதபோதும் 0.78, 0.3 இருந்தபோதும் 0.78. அப்படியானால் அந்த எண் மூளையைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை, 16 பேரையும் 0.001 என்ற வரம்பையும்தான் சொல்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் மையம் இந்த இடம்தான்.

படி 4: உங்கள் சொந்தத் தரவில் தேடலையும் அளவையும் பிரியுங்கள்

வழக்கமான வழிகள் மூன்று. பகுதியைத் தனியாக ஒரு லோக்கலைசர் ஸ்கேனில் தேர்ந்துவிட்டு, முக்கியப் பரிசோதனையில் அளக்கலாம். ஒரே அமர்வில் தனித்தனியாக எடுத்த ஸ்கேன் ரன்களைப் பிரித்து, ஒற்றைப்படை ரன்களில் பொறுக்கி, இரட்டைப்படை ரன்களில் அளக்கலாம். அல்லது உடற்கூற்று வரைபடத்தையோ முந்தைய ஆய்வொன்றின் ஆயத்தொலைவுகளையோ வைத்து, தரவைத் தொடும் முன்பே பகுதியைத் தீர்மானித்துவிடலாம். ரன்களைப் பிரிக்கும்போது ஒரே ரன்னை நடுவில் வெட்டாதீர்கள். அடுத்தடுத்த நொடிகளின் சிக்னல் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், வெட்டிய இடத்தில் இரைச்சல் மறுபக்கத்துக்கும் கசியும்.

ஆரம்பத்தில் பலரும் தவறவிடும் இடங்கள் இரண்டு. முதலாவது, ரன்களைப் பிரிப்பது ஆளுக்கு ஆள் ஒட்டுறவு பார்க்கும் ஆய்வுக்கு முழு மருந்து ஆகாது. நம் சிமுலேஷனில் இரைச்சல் முழுவதும் ஸ்கேனுக்கு ஸ்கேன் புதிது. நிஜத்தில் அப்படி இல்லை. ஒருவருக்கு ஓரிடத்தில் சிக்னல் இயல்பாகவே அதிகம் என்றால், எத்தனை ரன் எடுத்தாலும் அதிகமாகவே இருக்கும். அந்த 16 பேரில் அப்படிப்பட்டவர்கள் தற்செயலாகக் கவலை மதிப்பெண்ணும் அதிகம் உள்ளவர்களாக அமைந்துவிட்டால், இரண்டாவது ரன்னிலும் அதே ஒட்டுறவு தெரியும். அளவீட்டு இரைச்சல் நீங்கிவிடும், ஆட்களைத் தேர்ந்ததில் வந்த தற்செயல் அப்படியே தங்கிவிடும். அதை நீக்க வேண்டுமானால் வேறு ஆட்கள்தான் வேண்டும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. முகம், வீடு என இரண்டு வகைப் படங்களைக் காட்டுகிறீர்கள். "முகமும் வீடும் சேர்ந்து ஓய்வைவிட அதிகம்" என்ற ஒப்பீட்டில் வாக்சல்களைப் பொறுக்கி, அதே தரவில் "முகத்துக்கும் வீட்டுக்கும் என்ன வேறுபாடு" என்று பார்க்கிறீர்கள். தேர்வும் கேள்வியும் வேறுவேறு, அதனால் பாதுகாப்பு என்று தோன்றும். இரண்டு வகைக்கும் சம எண்ணிக்கையில் படங்கள் இருக்கும்வரை பெரும்பாலும் சரிதான். ஆனால் முகம் 40 முறை, வீடு 10 முறை என்று காட்டியிருந்தால் கதை மாறும். பத்தே முறை அளந்த வீட்டின் சராசரியில் இரைச்சல் அதிகம். இரண்டு சராசரிகளையும் சம எடையில் கூட்டிப் பொறுக்கும்போது, வீட்டின் சராசரி தற்செயலாக மேலே போன வாக்சல்களே அதிகம் சிக்கும். முடிவில் இல்லாத ஒரு "வீட்டு விருப்பம்" படத்தில் தெரியும். எனவே ஒப்பீடுகள் வேறுவேறு என்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், எத்தனை முறை காட்டினீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

படி 5: ஆட்களைக் கூட்டிப் பாருங்கள்

கடைசியாக `n`-ஐ 100 ஆக்குங்கள். அதே 0.001 வரம்புக்கு `cut`-ஐயும் 0.324 என்று மாற்றுங்கள். `true_r` 0.3-ஆகவே இருக்கட்டும். `y`-யும் நூறு பேருக்குப் புதிதாக உருவாக வேண்டும் என்பதால் படி 1-இலிருந்தே மறுபடி ஓட்டுங்கள். பத்தில் நான்கு வாக்சல்கள் தாண்டும், முதல் ஸ்கேனில் அவற்றின் சராசரி 0.39-ஐ ஒட்டி வரும். வீக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் 0.78 எங்கே, 0.39 எங்கே! அப்புறம் `true_r`-ஐ மறுபடி சுழியாக்கி, இந்த நூறு பேரோடும் ஒருமுறை ஓட்டுங்கள். சொற்ப வாக்சல்களே தாண்டும், அவற்றின் சராசரியோ 0.35 அளவில் நிற்கும். முதல் ஸ்கேனின் சராசரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த 0.39-ஐயும் இந்த 0.35-ஐயும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாவது ஸ்கேனின் எண்ணைத் திறங்கள்.