ஷெர்பா ஜாக்கெட்டுக்கு வெந்நீர் வேண்டாம்

மார்கழிக் குளிரில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் விடிகாலை ஷிஃப்டுக்கு பைக்கில் போகிறவர்கள் பலரிடம் ஷெர்பா என்ற சுருள்முடித் துணியோ போலி ஃபரோ வைத்த ஜாக்கெட் இருக்கும். வாங்கியபோது ஆட்டுக்குட்டி மேனி மாதிரி இருந்த காலர், தை பிறப்பதற்குள் சடை பிடித்துவிடுகிறது. பெரும்பாலும் அதைக் கெடுப்பது அழுக்கு இல்லை, சூடு.

காரணம் அது உருவாகும் விதத்தில் இருக்கிறது. போலி ஃபர் பெரும்பாலும் அக்ரிலிக். முறுக்காத இழைக்கற்றையை வட்டப் பின்னல் மெஷினுக்குள் ஊட்டினால், பின்னல் கண்ணிகள் இழைகளின் நடுவைப் பிடித்துக்கொள்ளும், நுனிகள் வெளியே நிற்கும். பின்பக்கம் பசை பூசி இறுக்குவார்கள். பிறகு பள்ளம் வெட்டிய சூடான உருளையால் சீவி, முடியை நேராக்கிப் பளபளப்பேற்றுவார்கள். ஷெர்பா பாலியெஸ்டர், அதன் இழைகளைக் கிளப்பி, சூட்டில் உருட்டிச் சுருள வைப்பார்கள். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தது சூடுதான் என்பதால், வீட்டில் அளவு தெரியாமல் காட்டும் சூடு அந்த வடிவத்தைக் குலைத்துவிடும். வெந்நீர், டிரையர், அயர்ன் பாக்ஸ் மூன்றும் வேண்டாம். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடித்தாலும் குளிர்காற்றில் மட்டும்.

காலர் சடை பிடித்த ஜாக்கெட்டை இப்படித் துவைக்கலாம். ஜிப்பைப் போட்டுவிட்டு, அரை பக்கெட் பச்சைத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் துணி துவைக்கும் லிக்விட் கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அமுக்கி அமுக்கி எடுங்கள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் நுனிகள் பின்னிக்கொள்ளும். சோப்புக்கட்டியும் ஆகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் சோப்பு திரிந்து இழையில் ஒட்டுவதால், காய்ந்ததும் முடி விறைக்கும். நுரை அடங்கும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் கட்டில்மேல் விரித்துப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் பின்னல் இழுபடும்.

சீவுவதற்கு நேரம் பார்க்க வேண்டும். சொட்டச் சொட்டச் சீவினால் இழை நீளும், நன்றாகக் காய்ந்தபின் சீவினால் அறுந்து உதிரும். கையில் லேசாக ஈரம் தட்டும்போது, நாய்க்குச் சீவும் மெல்லிய கம்பி பிரஷால் நுனியில் தொடங்கி மெதுவாக அடிக்கு வாருங்கள். அடித்துணியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டால் வேர் பிடுங்காது. ஃபரை அதன் படிவாக்கில் சீவலாம். ஷெர்பாவில் மேலாக நாலு தட்டு போதும், அழுத்தி இழுத்தால் சுருள் போய்ப் பஞ்சாகிவிடும்.

சடை பிரியவில்லையா? நுனியை விரலால் உருட்டிப் பாருங்கள். மெத்தென்று நசுங்கினால் சிக்குதான், மறுபடி நனைத்துச் சீவினால் விடும். கடுகு மாதிரி நெருடினால் இழை உருகி ஒட்டிவிட்டது. அதை எந்த பிரஷும் பிரிக்காது. சின்னக் கத்தரியால் அந்த நுனியை மட்டும் நறுக்கிவிடலாம்.