‘இது’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: குறுக்கெழுத்தில் பழமொழிக் குறிப்பை அவிழ்க்கும் முறை

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியை என் மருமகனிடம் கொடுத்திருந்தேன். பதினொரு வயது. ஒரு குறிப்பில் வந்து நின்றுவிட்டான். “இதால் விழுந்தவனை மாடேறி மிதித்ததாம்” என்பது குறிப்பு, கட்டம் இரண்டு. அவன் வாசிக்கும் தமிழ்நாட்டுச் சிறுவர் இதழ்களில் ‘மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்தது’ என்றுதான் இருக்கும். மரம் என்றால் மூன்று எழுத்து. ‘மர’ என்று எழுதிவிட்டு ‘ம்’மை எங்கே வைப்பது என்று விழித்துக்கொண்டிருந்தான். குசினியிலிருந்து அம்மம்மா எட்டிப் பார்த்து, “பனை என்று எழுது பிள்ளை” என்றார்.

யாழ்ப்பாணத்தில் மனிதன் விழுவது பனையிலிருந்துதான். ‘பனையால் விழுந்தவன்’ என்றே சொல்வோம். இங்கே ‘ஆல்’ என்பது ‘இலிருந்து’ என்ற பொருளைத் தரும். குறிப்பில் ‘இதிலிருந்து’ என்று வராமல் ‘இதால்’ என்று வந்ததே, விடை நம் ஊர் வழக்கு என்பதற்கு அடையாளம். இந்த வகைக் குறிப்பு நம் குறுக்கெழுத்துகளில் அடிக்கடி வரும். நன்றாகத் தெரிந்த ஒரு பழமொழியையோ மரபுத்தொடரையோ எடுத்து, அதில் ஒரு சொல்லை நீக்கி, அந்த இடத்தில் ‘இது’வை வைத்துவிடுவார்கள். நீக்கிய சொல்தான் விடை. இதை மட்டும் முறையாக அவிழ்க்கக் கற்றுக்கொண்டால் மற்றக் கட்டங்களுக்குள் நுழைய வழி கிடைக்கும்.

முதற் படி: குறிப்பு பழமொழிதானா?

‘இது’ வந்தாலே பழமொழி என்று எண்ணக் கூடாது. “இது புளிக்கும்” என்பது வெறும் விளக்கம். ‘என்பர்’, ‘என்பார்கள்’, ‘ஆம்’, ‘போல’ என்று முடிந்தால் பெரும்பாலும் பழமொழி அல்லது உவமைத்தொடர். குறிப்பை வாய்விட்டு வாசித்தால் இன்னொரு அடையாளமும் காதில் விழும். “பந்திக்கு முந்து, இதற்குப் பிந்து” என்று வாசிக்கும்போதே ஓசை ஓரிடத்தில் தடுக்கி விழுகிறது. அந்த இடத்தில் முன்பு வேறொரு சொல் இருந்திருக்கிறது.

இரண்டாம் படி: ‘இது’ என்ன வேற்றுமையில் நிற்கிறது?

தொடக்கத்தில் எல்லோரும் இடறுவது இங்கேதான். பழமொழிக்குள் சொல் உருபு ஏற்று உருமாறி நிற்கிறது. கட்டத்துக்குள் போவதோ பெரும்பாலும் உருபு நீங்கிய வேர்ச்சொல். அகத்தின் அழகு ‘முகத்தில்’ தெரியும். ‘முகத்தில்’ என்றால் ஐந்து எழுத்து. ஆனால் குறிப்பு ‘இதில் தெரியும்’ என்று ‘இல்’ உருபைத் தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டது. ஆகவே நமக்கு மிஞ்சுவது ‘முகம்’, மூன்று எழுத்து.

“இதில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்” என்ற குறிப்பைப் பாருங்கள், கட்டம் இரண்டு. மனதில் உடனே ‘ஆற்றில்’ வரும். ‘இல்’லைக் கழித்தால் ‘ஆற்று’ என்று மூன்று எழுத்து மிஞ்சும். இரண்டு கட்டத்துக்குள் அடங்காது. ஆறு என்ற சொல் உருபு ஏற்கும்போது றகரம் இரட்டித்து ‘ஆற்று’ ஆகிறது. வீடு ‘வீட்டில்’ ஆவதும் இப்படியே. மரம் ‘மரத்தில்’ ஆகும்போது ‘ம்’ போய் ‘த்து’ வருகிறது. எனவே உருபை மட்டும் கழித்தால் போதாது, உருபுக்காக வந்த மாற்றத்தையும் கழிக்க வேண்டும்: ஆறு, இரண்டு எழுத்து.

மரபுத்தொடர்களில் இதற்கு மாறான ஒன்றும் நடக்கும். “ஏமாற்றிவிட்டு ஓடியவன் இதை நீட்டினான்” என்றால் விடை கம்பி. ‘கம்பி நீட்டினான்’ என்றுதான் சொல்வோம், ‘கம்பியை’ என்று அல்ல. அங்கே ‘ஐ’ என்பது ‘இது’வுக்காகக் குறிப்பு எழுதியவர் சேர்த்தது. ஆகவே குறிப்பின் உருபும் பழமொழியின் உருபும் அப்படியே ஒத்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

‘இது’வா ‘இவர்’ஆ என்பதையும் விடாதீர்கள். பொய்க் கண்ணீருக்குத் தமிழில் இரண்டு தொடர்கள் உண்டு: நீலிக் கண்ணீர், முதலைக் கண்ணீர். ‘இவள் வடிப்பது’ என்றால் நீலி. ‘இது வடிப்பது’ என்றால் முதலை. திணையே விடையைச் சொல்லிவிடுகிறது. இரண்டிலும் நடுவில் வரும் ‘க்’ சந்தி எழுத்து, அதைக் கட்டத்தில் எண்ணக் கூடாது.

மூன்றாம் படி: பழமொழி பாதிதான் நினைவிருந்தால்

எதுகையும் மோனையும் இங்கே கைகொடுக்கும். ‘அகத்தின்’ என்பதன் இரண்டாம் எழுத்து ‘க’. விடுபட்ட சொல்லிலும் இரண்டாம் இடத்தில் ‘க’ இருக்கக்கூடும். மு-க-ம் பொருந்துகிறது. ‘பந்திக்கு முந்து’ என்று பகரத்தில் தொடங்கும் வரி, மறுபாதியையும் பகரத்தில் தொடங்க விரும்பும்: படை. எல்லாப் பழமொழிக்கும் இந்த அழகு இல்லை. எதுகை தந்த எழுத்தைப் பென்சிலால் மெல்லிதாக வைத்துக்கொள்ளுங்கள், பேனையால் எழுதிவிடாதீர்கள்.

பழமொழித் தொகுப்பில் தேடுபவர்களுக்கு ஒரு சொல். இத்தகைய நூல்கள் பெரும்பாலும் முதற்சொல்லின் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். விடுபட்டதே முதற்சொல்லாக இருந்தால் புரட்டிப் பயனில்லை. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் பின்பாதியைச் சொன்னால் முன்பாதி தானாக அவர் வாயில் வந்துவிடும். எனக்கு இதைவிட விரைவான வழி இதுவரை கிடைக்கவில்லை.

நான்காம் படி: இரு வடிவம் உள்ள சொல்

வாய்வழி வந்தவை என்பதால் பழமொழிகளுக்கு ஒரே வடிவம் இல்லை. “தானாடாவிட்டாலும் தன் இது ஆடும்” என்றால் தசையா சதையா? இரண்டும் வழக்கில் உண்டு, இரண்டுமே இரண்டு எழுத்து. எழுத்தை எண்ணித் தீர்க்க முடியாது. குறுக்கே வெட்டும் சொல்தான் தீர்ப்புச் சொல்லும். அது வரும்வரை அந்தக் கட்டங்களை வெறுமையாக விடுவதே நல்லது. தவறான ‘த’ ஒன்று, அதன் கீழே இறங்கும் சொல்லையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

ஒரு மூலையை முழுதாக நிரப்பிப் பார்ப்போம்

மருமகனுக்குப் பயிற்சியாக நான் அமைத்த சிறு மூலை இது. மூன்று நிரல், ஐந்து நிரை. கொப்பியில் கோடு போட்டுக்கொண்டு கூடவே வாருங்கள். கறுப்புக் கட்டத்தை ■ என்றும் வெறுங்கட்டத்தை □ என்றும் காட்டியிருக்கிறேன்.

□ □ ■
□ ■ ■
□ □ □
■ ■ □
■ □ □

இடமிருந்து வலம்
1. இதற்கும் அடி சறுக்கும் (2)
2. அகத்தின் அழகு இதில் தெரியும் (3, திரும்பியுள்ளது)
4. இதற்கு மேல் வெள்ளம் போனால் சாணென்ன, முழமென்ன (2)

மேலிருந்து கீழ்
1. இது தெரியாமல் காலை விடாதே (3)
3. இது வடிக்கும் கண்ணீரை நம்பாதே (3)

எண் 1 முதல் நிரையின் இடக்கோடிக் கட்டத்திலும், 2 மூன்றாம் நிரையின் இடக்கோடியிலும், 3 அதே நிரையின் வலக்கோடியிலும், 4 கடைசி நிரையின் நடுக்கட்டத்திலும் இருக்கின்றன.

இடமிருந்து வலம் 1இல் ‘யானை’ என்று எழுதக் கை போகும். பொறுங்கள். ஆனையிறவு என்று ஊர்ப்பெயர் வைத்திருக்கும் நாம் ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்றும் சொல்வோம். யா-னை, ஆ-னை இரண்டும் இரண்டு கட்டம். ஆகவே அதை விட்டுவிட்டு மேலிருந்து கீழ் 1க்குப் போகிறோம். அங்கே ‘இது’ உருபில்லாமல் நிற்கிறது. பழமொழியில் உள்ளபடியே எழுதலாம்: ஆ-ழ-ம். மூன்று கட்டம் சரி, வேறு வடிவமும் இந்த இடத்தில் இல்லை. முதற் கட்டம் ‘ஆ’ ஆனதால் மேல் வரி ஆனை என்று முடிவாகிவிட்டது.

ஆழத்தின் கடைசி எழுத்து ‘ம்’, மூன்றாம் நிரையின் முதற் கட்டத்தில் விழுகிறது. தமிழில் மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. எனவே அந்த நிரை நேராக வாசிக்கும் சொல்லாக இருக்க முடியாது. ‘திரும்பியுள்ளது’ என்ற அடைப்புக்குறி அச்சில் விட்டுப்போயிருந்தால்கூட இந்த ‘ம்’ நமக்கு அதைச் சொல்லியிருக்கும். முகம் என்பதை வலப்பக்கமிருந்து எழுதுகிறோம்: ம்-க-மு. திருப்பும்போது எழுத்தைத்தான் திருப்ப வேண்டும், உயிர்க்குறியைப் பிரித்து நகர்த்தக் கூடாது. ‘மு’ எப்போதும் ‘மு’வாகவே இருக்கும்.

வலக்கோடியில் ‘மு’ வந்துவிட்டதால் மேலிருந்து கீழ் 3 எளிது. நீலிக்கு இடமில்லை, ‘இது’ என்றிருப்பதும் மூன்று கட்டமும் தொடக்க எழுத்தும் சேர்ந்து முதலை என்கின்றன. அதன் ‘லை’ கடைசி நிரையின் முடிவில் இறங்குகிறது. ‘இதற்கு மேல்’ என்பது பழமொழியில் ‘தலைக்கு மேல்’. ‘கு’வையும் அதற்கு முன் வந்த ‘க்’கையும் கழித்தால் த-லை. முதலையின் ‘லை’ அதை உறுதி செய்கிறது.

ஆ னை ■
ழ ■ ■
ம் க மு
■ ■ த
■ த லை

இதில் ‘னை’, ‘ழ’, ‘க’, முதலையின் ‘த’, தலையின் ‘த’ ஆகிய ஐந்தும் ஒரே சொல்லில் மட்டும் உள்ளவை; அவற்றை வேறெந்தச் சொல்லும் சரிபார்க்கவில்லை. அனுப்புவதற்கு முன் அப்படிப்பட்ட கட்டங்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கையைப் பழக்க இன்னும் மூன்று: “இதைக் கல்லி எலி பிடித்தாற்போல” (2), “சாமி வரம் கொடுத்தாலும் இவர் கொடுக்கமாட்டார்” (3), “இது விழக் குருத்தோலை சிரித்ததாம்” (3). விடைகள் மலை, பூசாரி, காவோலை. கடைசிச் சொல் தெரியாத தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: பனையில் முற்றிக் காய்ந்த ஓலையை இங்கே காவோலை என்போம்.