பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறீர்களா? எந்த வேலையை, யாரிடம், எப்படிக் கேட்பது

பிள்ளை பிறந்த வீட்டில் "ஏதும் உதவி வேணுமா?" என்று கேட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஒண்டும் வேணாம், நீங்க வந்ததே போதும்." அந்த வீட்டில் வேலை குவிந்துதான் கிடக்கும். ஆனால் வந்தவரிடம் வேலை சொல்வது அவர்களுக்குக் கூச்சம். கேட்கும் முறையை மாற்றினால் பதிலும் மாறும். முதன்முறையாக இப்படிப் போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. போன் எடுத்துவிட்டுப் போங்கள்

நம் பக்கத்து இந்து வீடுகளில் பெரும்பாலும் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பார்கள். அதற்கு முன் நெருங்கிய சொந்தமும் பக்கத்து வீடும்தான் உள்ளே போய்வரும். மற்றவர்கள் 31 கழிந்ததும் வருவார்கள். முஸ்லிம் வீடுகளில் 40 நாள் கணக்கு. எல்லா வீட்டிலும் ஒரே இறுக்கம் இல்லை. ஆனால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் துடக்கு விசயத்தில் கொஞ்சம் கவனமாகவே இருப்பார்கள். ஆகவே, "எப்ப வந்தா உங்களுக்கு லேசு? காலையிலயா, பின்னேரமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். காலையில் தாய்க்கு வேது குளிப்பு இருக்கும் வீடானால் அந்த நேரம் போய் நிற்பது எல்லோருக்கும் இடைஞ்சல்.

தடிமன், இருமல், காய்ச்சல், வயிற்றோட்டம், உதட்டில் கொப்புளம் இவற்றில் ஒன்று இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாமல் இருப்பது நல்லது. சென்ட் வேண்டாம்.

2. முதலில் தாயைப் பாருங்கள்

வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேரே கிணற்றடிக்கோ பைப்படிக்கோ போய், சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தாயிடம் போய் "எப்படிகா இரிக்காய்? ராவு கொஞ்சமாவது நித்திரை கொண்டியா?" என்று கேளுங்கள். பிள்ளையைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். தாயை விசாரிப்பவர்கள் குறைவு.

பிள்ளையைத் தந்தால் மட்டும் வாங்குங்கள். முகத்திலும் கையிலும் கொஞ்சக் கூடாது, அதாவது முத்தம் வேண்டாம். "நல்லாக் கொழுத்திரிக்கு", "என்ன நிறம்!" என்று வாய்விட்டுச் சொன்னால் அம்மம்மாவின் முகம் சுருங்கும். நீங்கள் போன பிறகு கண்ணூறு கழிக்க மிளகாயும் உப்பும் தேட வேண்டிய வேலை அவருக்குத்தான். "சுகமா வளரட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு கேள்வியையும் விட்டுவிடுங்கள்: "பால் காணுதா?" பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிப்பது வழமை. அடிக்கடி குடிப்பதைப் பார்த்தே தாய் பால் போதவில்லையோ என்று பயந்துகொண்டிருப்பாள். இந்தக் கேள்வி அந்தப் பயத்தைக் கூட்டும்.

3. வேலையை யாரிடம் கேட்பது?

நம் பகுதியில் வீடு பெரும்பாலும் மகளுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே பிள்ளைப்பேற்று வீட்டின் அடுப்படி தாயின் அம்மாவுடைய கையில் இருக்கும். இதை மறந்து தாயிடம் மட்டும் கேட்டால், "அம்மா எல்லாம் பார்க்கிறா" என்று சொல்லிவிடுவாள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதைக்கூட அவள் கவனித்திருக்க மாட்டாள். வேலையை அடுப்படியில் கேளுங்கள். ஆனால் தாயின் உடம்போடும் பிள்ளையோடும் சேர்ந்த எதையும் தாயிடம் கேட்டே செய்யுங்கள்.

கேட்பதற்கு முன் கண்ணால் ஒரு சுற்றுப் பாருங்கள். கொடியில் என்ன தொங்குகிறது, கழுவாத சட்டி இருக்கிறதா, மூத்த பிள்ளை எங்கே, தண்ணீர் வாளி நிறைந்திருக்கிறதா. கேள்வி அங்கேயிருந்துதான் வரும்.

4. கேட்கும் விதம்: ஒரு வீடு

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை மாதம், மழை விட்டபாடில்லை. சிசேரியன் முடிந்து பத்தாவது நாள். கணவனுக்குக் கொழும்பில் வேலை, லீவு முடிந்து போய்விட்டார். மூத்தவன் முதலாம் வகுப்பு. வீட்டில் அம்மம்மா மட்டும். வந்திருப்பவள் பக்கத்து வீட்டுப் பெண், தாயோடு ஒன்றாக வேலை செய்பவள்.

"மாமி, ஏதும் செய்யவா?"

"ஒண்டும் வேணாம் மகள். இரிங்க, தேத்தண்ணி போடுறன்."

இங்கேயே பலர் உட்கார்ந்துவிடுவார்கள். அம்மம்மா அடுப்பு மூட்டி, கோப்பை கழுவி, பிஸ்கட் தேடி, நமக்காக ஒரு வேலை கூடிவிடும். இவள் எழுந்து கூடவே போகிறாள். "நீங்க இரிங்க மாமி, மூணு பேருக்கும் நான் போடுறன்." தேத்தண்ணி வேண்டாமென்று மறுத்தால் மனம் வருந்துவார், நாமே போட்டால் வருந்த மாட்டார். விறாந்தைக் கொடியில் ஈரத் துணி இரண்டு அடுக்காகத் தொங்குவதை அவள் அப்போதுதான் பார்க்கிறாள்.

"மாமி, போகக்குள்ள இந்த ஈரத் துணியெல்லாம் எடுத்துட்டுப் போய்க் காயவெச்சு அயன் பண்ணி நாளைக்குப் பின்னேரம் கொண்டு வாறன். இல்லாட்டி இந்தக் கிழமை முழுக்கத் தம்பியக் காலையில பள்ளிக்கூடத்தில விடுறன். எது உங்களுக்கு லேசு?"

அம்மம்மா கொஞ்சம் யோசிக்கிறார். "துணிய நான் பார்ப்பன். இவனைக் கொண்டுபோய் விடத்தான் ஆளில்ல. மழைக்குள்ள இவளத் தனிய விட்டுட்டுப் போகவும் ஏலாது."

வேலை கிடைத்துவிட்டது. அவள் சொன்னது இரண்டே இரண்டு வேலை, இரண்டிலும் எப்போது, எதுவரை என்பது இருந்தது. அதைக் கேட்ட அம்மம்மாவுக்கு 'வேணுமா, வேணாமா' என்ற யோசனை போய், 'இதா, அதா' என்ற யோசனை வந்துவிடுகிறது. வாய் திறப்பதும் சுலபமாகிறது. வகுப்பு எத்தனை மணிக்கு, யார் திருப்பிக் கூட்டி வருவது, சாப்பாட்டுப் பெட்டி யார் கட்டுவது என்பதையும் அங்கேயே கேட்டு முடியுங்கள். திரும்பக் கூட்டி வர ஆள் இல்லையென்றால் பாதி வேலைதான் குறைந்திருக்கிறது. உங்களால் ஏலாததைச் சொல்லாதீர்கள். நாளை காலை நீங்கள் வராவிட்டால், பச்சை உடம்புக்காரிதான் எழும்பிப் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்ட வேண்டி வரும்.

5. துணி கிடைத்தால்

மாரியில் அநேகமான வீடுகள் தரும் வேலை இதுதான். துணி நாப்கின் பாவிக்கும் வீட்டில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சேரும், மூத்திரத் துணி வேறு.

கழுவாத துணி என்றால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பால் கறையும் மலக் கறையும் சுடுதண்ணீர் பட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வாசமில்லாத சவர்க்காரம், அதன் பிறகு நுரை முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர். வாசனைத் திரவமோ கிருமிநாசினியோ ஊற்ற வேண்டாம், பிள்ளையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் வீட்டு உடுப்போடு கலக்காதீர்கள்.

காய்ந்ததா என்று நடுத்துணியைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. மடித்துத் தைத்த ஓரம்தான் கடைசியில் காயும். அந்த ஓரத்தை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. அப்படியே மடித்து வைத்தால் அடுத்த நாள் புளித்த மணம் வரும். காற்றாடிக்குக் கீழே மீண்டும் போட்டு, ஓரத்தை அழுத்தி அயன் பண்ணுங்கள். சுத்தமான தனிப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

6. அடுப்படியில்

தாய்க்குச் சரக்குக் கறி. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி போட்ட அந்தக் கறிக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். அதில் கை வைக்க வேண்டாம். இறால், நண்டு, கணவாய் எல்லாம் கிரந்தி என்று சில வீடுகளில் ஒதுக்குவார்கள். சமைத்துக் கொண்டு போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள், மற்றவர்கள் சாப்பிடத்தானே என்று போட்ட உறைப்புக் கறியைத் தாயின் பக்கம் வைக்காதீர்கள்.

அதைவிட நல்லது, நேரம் தின்னும் கைவேலையைக் கேட்பது. முருங்கை இலை ஆய்வது, உள்ளி உரிப்பது இரண்டையும் கதைத்துக்கொண்டே செய்யலாம். இலையின் நடுக் காம்பு கறிக்குள் வராமல் ஆய வேண்டும், அதுதான் நேரம் எடுக்கும். பால்சுறா வாங்கி வந்திருந்தால் அவித்து, தோலும் முள்ளும் களைந்து, தண்ணீரைப் பிழிந்து உதிர்த்துக் கொடுங்கள். வறையை அம்மம்மா தன் பக்குவத்தில் தாளித்துக்கொள்வார்.

ஆண்கள் போனால் கனமான வேலையைக் கேட்கலாம். வேதுத் தண்ணீருக்குக் கிடாரம் நிரப்புவது, விறகு கொத்துவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது, மழைத் தண்ணீர் தேங்கிய சிரட்டை, டயர், பூச்சட்டித் தட்டுகளைக் கவிழ்ப்பது. நுளம்பு பெருகும் காலத்தில் கடைசியாகச் சொன்னதை நான் முதலில் செய்வேன். சிசேரியன் காயத்தில் வேதுத் தண்ணீர் படலாமா என்பதை மட்டும் மருத்துவிச்சி அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

7. எடுத்துக்கொள்ளக் கூடாத வேலை

"நீ போய் வேலையப் பார், நான் பிள்ளைய வெச்சிருக்கன்" என்பது உதவி போலத் தெரியும். தாய் எழுந்து போய்ச் சட்டி கழுவுவாள், நாம் பிள்ளையோடு உட்கார்ந்திருப்போம். பிள்ளை தாயிடம் இருக்கட்டும், சட்டியை நாம் எடுப்போம். அவள் தூங்கவோ குளிக்கவோ கேட்டால் மட்டும் பிள்ளையை வாங்குங்கள். தேன், சீனித் தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர் எதையும் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்காதீர்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.

பால் கொடுக்கத் தொடங்கினால் சொல்லாமலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுங்கள். வேலை முடிந்தால் அரை மணி நேரத்தில் கிளம்பலாம்.

கதைக்கும்போது சிலது காதில் விழும். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கிறது, மேல் சுடுகிறது, நெஞ்சு உள்வாங்க மூச்சு விடுகிறது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை வந்துவிட்டது. தாய்க்கு இரத்தப்போக்கு கூடுகிறது, காய்ச்சல், தாங்க முடியாத தலையிடி. இவற்றில் ஒன்று கேட்டாலும் துணியையும் சட்டியையும் விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதுதான் உங்கள் வேலை. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் மறக்காமல் எடுங்கள். இரண்டு கிழமைக்கு மேலும் தாய் அழுகையும் வெறுப்புமாக இருந்தால் மருத்துவிச்சிக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

8. 31 கழிந்த பிறகு

31ஐ ஒட்டிப் பிள்ளை பார்க்க வந்தவர்கள் போனதும் வருவோர் குறைவார்கள். சொந்தக்காரர்கள் தங்கள் வீடுகளுக்குப் போயிருப்பார்கள், வேலை அப்படியே இருக்கும். "வியாழக்கிழமை காலம ஒரு மணித்தியாலம் சும்மா இரிக்கன். துணியா, கடையா?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். கிளினிக் நாள் என்றால் குடையோடு கூடப் போங்கள். பிறப்புப் பதிவு இன்னும் முடியவில்லையா என்று தகப்பனிடம் கேளுங்கள். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். அவர் அந்தக் காரியமாகப் போகும் நாளில் மூத்தவனைப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான், அதற்கும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.